வானொலிப் பெட்டி ஒரு நிலையத்தைத் தெரிந்தெடுக்கும் வகை



புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த றப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் மத்திய அலை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு செய்தியை நன்கு அறிவர். மாலையில் குமிழை மெல்லத் திருப்பினால் கொழும்பு வரும். இன்னும் சிறிது திருப்பினால் திருச்சிராப்பள்ளி வரும். அதற்கும் அப்பால் தூத்துக்குடி வரும். தென்மேற்குப் பருவ மழை ஒரு கிழமை விடாது பெய்துவிட்டாலோ, அதே பெட்டியில் ஒரு நிலையத்தின் பேச்சுக்குள் இன்னொன்றின் பாட்டு நுழைந்து நிற்கும். மழை மேகந்தான் அலைகளைக் குழப்புகின்றது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். குழப்பம் பெரும்பாலும் வானத்திலன்று, பெட்டிக்குள்ளேயே இருந்தது. அஃது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

பெட்டியின் முன்வாயிலில் ஒரு கம்பிச் சுருளும் ஒரு மாறுங் கொள்ளளவியும் உள்ளன. கொள்ளளவி என்பது ஒன்றையொன்று தொடாமல் ஊடுருவி நிற்கும் உலோகத் தகடுகளின் கூட்டம். குமிழைத் திருப்பும்போது சுழல்வது அதுவே. வானலை சுருளைத் தழுவிச் செல்லும்போது சுருளின் சுற்றுக்களிலேயே மிகச் சிறிய மின்னழுத்தம் தூண்டப்படுகின்றது. ஆகையால் அம்மின்னழுத்தம், சுருள், கம்பியின் தடை, கொள்ளளவி ஆகிய நான்கும் ஒரே வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமைகின்றன. இதனையே தொடர்ச் சுற்று என்கிறோம்.

இவ்வளையத்தில் ஓடும் ஆடலோட்டத்தை மூன்று உறுப்புக்களும் மூன்று விதமாக எதிர்க்கின்றன. தடைக்கு மீடிறனைப் பற்றிய கவலை இல்லை. எம்மீடிறனிலும் ஏறக்குறைய அதே அளவு எதிர்க்கும். சுருள் மாற்றத்தை விரும்பாதது. ஓட்டம் விரைந்து மாற மாற அதன் எதிர்ப்பு ஏறும். கொள்ளளவி இதற்கு நேர்மாறானது. மெதுவான ஓட்டத்தில் அது நிரம்பி எதிர்த்து நிற்கும். விரைவான ஓட்டத்தில் நிரம்புவதற்கு முன்னரே ஓட்டம் திரும்பிவிடுவதால் அதன் எதிர்ப்புக் குறையும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இரகசியம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கின்றது. சுருளின் மின்னழுத்தம் ஓட்டத்திற்குக் கால் சுற்று முந்தி வரும். கொள்ளளவியின் மின்னழுத்தம் கால் சுற்றுப் பிந்தி வரும். ஆகவே இரண்டும் எக்கணத்திலும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டுமேயன்றிக் கூட்டலாகாது. கழித்து வரும் மிச்சம் தடைக்குச் செங்கோணமாக நிற்கும். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களிலிருந்து மூன்றாம் பக்கத்தைக் காண்பதுபோல, தடையின் வர்க்கத்தையும் மிச்சத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவதே சுற்றின் மொத்தத் தடங்கல்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தூத்துக்குடி நிலையம் பல்லாண்டுகளாக ஒலித்த மீடிறன் 1053 கிலோ ஹேர்ட்ஸ். அக்காலத்தார் கிலோசைக்கிள் என்பார்கள். நமது சுருள் 200 மைக்கிரோ ஹென்றி, தடை 12 ஓம் என்று கொள்வோம். 1053இல் சுருளின் எதிர்ப்பு ஏறத்தாழ 1323 ஓம். குமிழைத் திருப்பிக் கொள்ளளவியை 114 பிக்கோ பாரட் அளவுக்குக் கொணர்ந்தால் அதன் எதிர்ப்பும் அதே 1323 ஓம் ஆகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று முற்றாக அழித்துக்கொள்ள, எஞ்சுவது 12 ஓம் மட்டுமே. இந்நிலைக்குப் பரிவு என்று பெயர்.

குமிழை அசைக்காமல் அப்படியே விட்டுத் திருச்சிராப்பள்ளியின் அலை வந்தால் என்ன ஆகும்? அதன் மீடிறன் 936. சுருளின் எதிர்ப்பு 1176 ஆக இறங்குகின்றது. கொள்ளளவியின் எதிர்ப்பு 1489 ஆக ஏறுகின்றது. மிச்சம் 313 ஓம். தடங்கலும் ஏறத்தாழ அவ்வளவே. இரு நிலையங்களும் சம பலத்துடன் வந்தாலும், தூத்துக்குடிக்கு ஓடும் ஓட்டம் திருச்சிக்கு ஓடுவதைப்போல் 26 மடங்காக இருக்கும். நிலையத்தைத் தெரிந்தெடுத்தல் என்பது இதுதான். திருச்சியை எவரும் அடைத்து வைக்கவில்லை. அதற்கு வழி கரடுமுரடாயிற்று, அவ்வளவே.

பரிவில் வேறொரு வியப்பும் நிகழ்கின்றது. தூண்டப்பட்ட மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் என்றால், கொள்ளளவியின் இரு முனைகளுக்கிடையில் 110 மில்லிவோல்ட் தோன்றும். இல்லாத சக்தி எங்கிருந்தோ வந்துவிடவில்லை. றப்பர் மரத்துக் கிளையில் கட்டிய ஊஞ்சலைச் சிறு பிள்ளை தக்க தருணம் பார்த்துத் தள்ளித் தள்ளிப் பெரும் வீச்சுக்குக் கொண்டுவருவதுபோல, அலைக்கு அலை சிறிது சிறிதாகச் சேர்ந்த சக்தியே அது. நமது சுற்றில் 35 அலைவுகள் கழிந்தபோது முழு வீச்சின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்திருக்கும்.

இனி, மழைக்கு வருவோம். ஈரம் சுருளின் பருத்தி உறையிலும் அது சுற்றப்பட்ட அட்டைக் குழாயிலும் ஏறும்போது, சுருளுக்குள் ஓடும் சக்தியின் ஒரு பகுதி அங்கே வெப்பமாக வீணாகின்றது. கணக்கில் இது தடை கூடியதற்கு ஒப்பாகும். முற்காலச் சுருள்களை மெழுகில் தோய்த்தது இதன் பொருட்டே. 12 ஓம் 36 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்குரிய தடங்கல் 36 ஆகும். அதன் ஓட்டம் மூன்றில் ஒன்றாக வீழ்ந்துவிடும். திருச்சிக்கோ 313 ஓம் 315 ஆகுமேயன்றி வேறு மாற்றமில்லை. 26 மடங்கு இருந்த வேறுபாடு ஒன்பது மடங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. தடை ஆட்சி செய்வது பரிவின் உச்சியில் மட்டுமே. உச்சியை விட்டு விலகிய இடங்களில் அதன் சொல் எடுபடாது. ஆகவே தடை கூடினால் வேண்டிய நிலையந்தான் நலியும். வேண்டாதது முன்போலவே நிற்கும். கேட்பவர் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே பெருகும்.

அயல் மீடிறனின் நிலை இதனினும் மோசம். மத்திய அலையில் நிலையங்கள் 9 கிலோ ஹேர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. 1062இல் ஒரு நிலையம் இருக்குமாயின், நல்ல சுருளிலேயே அதற்குரிய தடங்கல் ஏறத்தாழ 25 ஓம்தான். பாதி ஓட்டம் உள்ளே வந்துவிடும். ஈரச் சுருளில் 36க்கு 42. இதனை வேறுபாடு என்று சொல்லவும் தயக்கமாக இருக்கின்றது. ஒரே சுற்றை நம்பாமல், நல்ல பெட்டிகளில் பரிவுச் சுற்றுக்களைப் பல படிகளாக வைத்தமைக்குக் காரணம் இதுவே. அப்படியானால் தடையை இயன்றவரை குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. உச்சி மிகக் கூரானால், பேச்சின் நுண்ணிய உயர் ஒலிகள் வெட்டுண்டு, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் மங்கும்.

பழைய பெட்டி ஒன்று இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், குற்றம் எதில் என்பதைக் காதாலேயே ஓரளவு அறியலாம். நிலையங்கள் எல்லாம் நலிந்து ஒன்றோடொன்று கலந்து ஒலித்து, வால்வுப் பெட்டி ஒரு மணி நேரம் சூடேறிய பின் தெளிவடையுமானால் குற்றம் ஈரத்தினுடையது. நிலையங்கள் கூர்மையாகவே வந்து, முகப்பில் குறித்த இடத்தைவிட்டு எல்லாம் தள்ளி நின்றால், தடை மாறவில்லை. சுருளின் அளவோ கொள்ளளவியின் அளவோ மாறியிருக்கின்றது. குமிழ் ஒரு குறித்த இடத்தைக் கடக்கும் போதெல்லாம் கரகரவென்று ஒலித்து, அங்கே நிலையம் அற்றுப்போனால், கொள்ளளவியின் தகடொன்று வளைந்து அயல் தகட்டைத் தொடுகின்றது. பெட்டியின் மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிச் சற்றுப் பொறுத்த பின்னர், மெல்லிய கத்தி முனையால் அத்தகட்டை நிமிர்த்திவிட்டால் போதும்.