தொண்டை மரத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்

எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் நர்ஸ் முதலில் கேட்பது, “ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்றுதான். அதற்கு வரும் பதில்களில் ஒன்று அவர்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். “இல்ல சிஸ்டர், வெறும் வயிறுதான். காலைல ஒரு வாய் காபி மட்டும் குடிச்சேன்.” அந்த ஒரு வாய் காபியால் பரிசோதனை மதியத்துக்கோ மறுநாளுக்கோ தள்ளிப்போகும். வந்தவருக்குக் கோபம் வரும். காபியெல்லாம் ஒரு சாப்பாடா என்று கேட்பார்.

வயிற்றைப் பொறுத்தவரை பால் சாப்பாடுதான். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தாலும், உள்ளே இருக்கும் அமிலம் பட்டதும் திரிந்து கட்டியாகிவிடும். வெறும் தண்ணீர் வயிற்றை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். திரிந்த பால் இட்லியைப் போலவே மணிக்கணக்கில் தங்கும். மயக்க மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான கணக்கு இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. தண்ணீருக்கும் பால் சேர்க்காத டீ, காபிக்கும் 2 மணி நேர இடைவெளி. பாலுக்கும் இட்லி, இடியாப்பம் போன்ற லேசான உணவுக்கும் 6 மணி நேரம். பரோட்டா, பிரியாணி, வறுவல் என்று எண்ணெய் மிதக்கும் சாப்பாடு என்றால் 8 மணி நேரமும் அதற்கு மேலும். மோர், கஞ்சி, சத்துமாவுக் கூழ் எல்லாம் பாலோடு சேர்ந்தவை. பல மருத்துவமனைகள் இந்தக் கணக்குக்குள் போகாமல், ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடும். உங்கள் கையில் உள்ள சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

இந்தப் பட்டினி எதற்கு? வயிற்றில் சாப்பாடு இருந்தால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு காரணம். புண் எங்கே, சோறு எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம் தொண்டையில் இருக்கிறது. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் பிரியும் இடத்தில் விழுங்குவதும் இருமுவதும்தான் காவல். சாப்பிடும்போது பருக்கை ஒன்று வழி மாறினால் புரையேறி, இருமி, கண்ணில் நீர் முட்டி அதை வெளியே தள்ளிவிடுகிறோமே, அந்தக் காவலைத்தான் பரிசோதனைக்காகக் கொஞ்ச நேரம் மரக்கவைக்கிறார்கள். அந்த நேரத்தில் வயிற்றிலிருந்து ஏதாவது மேலே வந்தால், தடுப்பார் இல்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். 1946இல் கர்டிஸ் மெண்டல்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர், 44,016 பிரசவங்களில் 66 பெண்களுக்கு மயக்க மருந்தின்போது இப்படி நேர்ந்ததைப் பதிவு செய்தார். திட உணவு மூச்சுக்குழாயை அடைத்ததில் இருவர் இறந்தார்கள். அறுவை அறைகளில் பட்டினி விதி அழுத்தமாக வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

விதி என்று படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அதில் சிக்கல் வருகிறது. ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதமாக நெஞ்செரிச்சல், மேல்வயிற்றில் வலி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். காலை ஒன்பதரைக்கு எண்டோஸ்கோப்பி. முந்தின இரவு எட்டரைக்குள் நாலு இட்லியோடு முடித்துக்கொள்கிறார். எண்ணெய் இல்லாமல் இருந்தால் நல்லது. சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்கு வயிறு காலியாவதே மெதுவாகத்தான் நடக்கும்; எட்டு மணி நேரம் கழித்தும் பழைய சாப்பாடு கிடப்பதுண்டு. சாப்பிட்டு வெகு நேரமாகியும் வயிறு கனமாக இருக்கிறது, முதல் நாள் சாப்பிட்டது வாந்தியில் வருகிறது என்றால், தேதி குறிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். உடல் எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் இப்போது போடுகிற செமாகுளுடைடு வகை ஊசியும் வயிற்றை மந்தமாக்கும். அதையும் மறைக்கக் கூடாது.

காலை ஆறு மணிக்கு அழுத்த மாத்திரையை இரண்டு மிடறு தண்ணீரில் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை மாத்திரை போடவில்லை. சாப்பிடாமல் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அதைக் கைப்பையில் வைத்துக்கொள்கிறார். இன்சுலின் போடுகிறவர்கள் எவ்வளவு குறைப்பது, விடுவதா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் முதல் ஆளாகப் பெயர் போடச் சொல்வதும் அவர்களுக்கு நல்லது. வழியிலோ பெஞ்சிலோ கை நடுங்கி வியர்த்தால் பொறுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும். பரிசோதனையை நாளைக்குச் செய்யலாம், இறங்கிய சர்க்கரை நாளை வரை காத்திருக்காது.

இன்னும் இரண்டு மருந்துகள். காலையில் எரிச்சல் தாங்காமல் ஜெலுசில், டைஜீன் போன்ற திரவத்தைக் குடித்தால் வயிற்றுச் சுவரில் பூச்சு மாதிரி படிந்து, பார்ப்பதற்கு இடைஞ்சலாகிவிடும். மற்றொன்று, ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்கள் பயத்தில் தாங்களாகவே குளோபிடோக்ரலை நிறுத்திவிட்டு வந்து நிற்பதுண்டு. பார்ப்பதற்கும் சின்னதாகச் சதை எடுப்பதற்கும் பெரும்பாலும் அதை நிறுத்த வேண்டியிருக்காது. நிறுத்தினால் ஸ்டென்டே அடைபடலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இனி ஸ்பிரே. 1868இல் ஃப்ரைபர்க்கில் அடால்ஃப் குஸ்மால் ஒரு நேர்க்குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்க்க முயன்றபோது வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தொண்டையை மரக்கவைக்க அன்று மருந்து கிடையாது. இன்று குழாய் வளையும்; சுண்டுவிரல் பருமன்தான், ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. லிக்னோகைன் என்ற மருந்தும் இருக்கிறது. பல் பிடுங்கும்போது ஈறில் ஊசியாகப் போடுவார்களே, அதே மருந்து. 10 சதவீத ஸ்பிரேயை ஒரு முறை அழுத்தினால் 10 மில்லிகிராம் விழும். சில இடங்களில் ஸ்பிரேக்குப் பதில் கெட்டியான ஜெல்லைத் தொண்டையில் நிறுத்திவைத்து விழுங்கச் சொல்வார்கள். பல் ஊசி போட்டபோது அலர்ஜி வந்திருந்தாலும், வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு இருந்தாலும் இதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். ஆடுகிற பல் இருந்தால் காட்டிவிட வேண்டும்.

“வாயை நல்லா திறங்கம்மா, ஆ சொல்லுங்க” என்று சொல்லி உள்நாக்குக்குப் பின்னால் அடிப்பார்கள். கசக்கும், கொஞ்சம் எரியும். ஒன்றிரண்டு நிமிடத்தில் நாக்கு தடித்துப்போன மாதிரி இருக்கும். அடுத்து வருவதைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்துக்கொண்ட மாதிரி, எச்சில் விழுங்கவே முடியாத மாதிரி ஒரு உணர்வு வரும். பலர் மூச்சு அடைக்கிறது என்று பதறுவது இங்கேதான். உண்மையில் அடைத்திருப்பது எதுவும் இல்லை. தொண்டையின் உணர்ச்சி போய்விட்டதால் விழுங்கினோமா இல்லையா என்று மூளைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மூக்கால் நிதானமாக இழுத்துப் பார்த்தால் காற்று வழக்கம்போலப் போய்வருவது தெரியும். விரலில் மாட்டிய கிளிப்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டிக்கொண்டே இருக்கும். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தாலோ, உதடு வீங்கினாலோ, தலை சுற்றினாலோ அது வேறு. கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

பிறகு இடதுபக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். “எச்சிலை முழுங்காதீங்க, வழியவிடுங்க” என்பார் நர்ஸ். கூச்சப்படாமல் வழியவிடுங்கள், மரத்த தொண்டையில் விழுங்கினால் புரையேறும். குழாய் தொண்டையைத் தாண்டும் சில நொடிகளில் உமட்டும், ஸ்பிரே அதைக் குறைக்குமே தவிர முழுக்க நிறுத்தாது. தாண்டிய பிறகு காற்றை ஊதுவதால் வயிறு உப்பும், ஏப்பம் வரும். சதை கிள்ளி எடுப்பது வலிக்காது. ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முடிந்ததும் நம் ஊர் வழக்கப்படி கூட வந்தவர் ஃபிளாஸ்க்கைத் திறப்பார். ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்தவருக்குச் சூடாக ஒரு காபி கொடுக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் தொண்டை இன்னும் மரத்தே இருக்கிறது. காபி வழி மாறினாலும் இருமல் வராது, நாக்கு வெந்தாலும் தெரியாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பொறுக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, சூடில்லாத தண்ணீர் ஒரு வாய். இருமல் வந்தாலோ தண்ணீர் நாக்கில் பட்டது தெரியாவிட்டாலோ இன்னும் கால் மணி கழித்துப் பார்க்கலாம். தண்ணீர் ஒழுங்காக இறங்கினால் வெதுவெதுப்பான கஞ்சியோ இட்லியோ சாப்பிடலாம். நம் ஐம்பத்தாறு வயதுப் பெண் கைப்பையில் இருக்கும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்வது இந்தச் சாப்பாட்டோடுதான், அதற்கு முன்பு இல்லை. சதை எடுத்திருந்தால் அன்று முழுக்கக் காரமும் கொதிக்கும் சூடும் வேண்டாம்.

ஸ்பிரே மட்டும் என்றால் தனியாகவே வீட்டுக்குப் போகலாம். தூங்கவைக்க ஊசி போட்டிருந்தால் கதை வேறு. தெளிவாகப் பேசுவார், நடப்பார், ஆனால் கைகால் வேகம் இன்னும் திரும்பியிருக்காது. 24 மணி நேரத்துக்கு ஸ்கூட்டர் தொடக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும். மருத்துவர் சொன்னது பாதி நினைவில் நிற்காது என்பதால் அதைக் கேட்டுக்கொள்ளவும் அந்த ஆள் தேவை.

வீட்டில் ஒன்றிரண்டு நாள் தொண்டை கரகரக்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் இதமாக இருக்கும். வயிற்று உப்புசம் அன்று மாலைக்குள் இறங்கிவிடும். எச்சிலில் ஒரு கோடு ரத்தம் தெரிந்தால் பயமில்லை.

அபூர்வமாக உணவுக்குழாயிலோ வயிற்றிலோ ஓட்டை விழலாம், சதை எடுத்த இடத்தில் ரத்தம் கசியலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ வலி நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போவது, கழுத்து வீங்குவது, குளிர்காய்ச்சல், மூச்சு வாங்குவது, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போவது, ரத்த வாந்தி ஆகியவை அதற்கு அடையாளம். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது மேல்வயிற்றில் கசிந்த ரத்தம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. இவற்றில் எது தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல், காலை ஓ.பி.க்குக் காத்திருக்காமல், எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.