சர்க்கரைக்குத் துணையாக ஒரு புரதம்

ஹிப் என்ற பாக்டீரியா குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். அதன் மேல் ஒரு சர்க்கரை உறை உண்டு. அந்த உறையைப் பிரித்தெடுத்துச் செய்த தடுப்பூசிக்கு 1985-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அது ஓரளவு பயன்பட்டது. கைக்குழந்தைகளிடம் எடுபடவே இல்லை. அந்த நோய் அதிகம் தாக்கியதோ கைக்குழந்தைகளைத்தான்.

மூலக்கூறு சிறியதாக இருந்ததா குறை? பென்சிலின் போன்ற சின்ன மூலக்கூறை எதிர்ப்பு மண்டலம் தனியாகப் பொருட்படுத்துவதில்லை. நம் புரதம் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டால்தான் ஒவ்வாமை வரும். ஹிப் சர்க்கரையோ மிகப் பெரிய சங்கிலி. ஆனால் ஒரே துண்டே திரும்பத் திரும்ப வரும் சங்கிலி. சிக்கலான அமைப்பு அதில் இல்லை.

எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி செல்கள். அவை நன்றாக வேலை செய்ய டி செல்களின் உதவி வேண்டும். பி செல் தான் விழுங்கியதை நறுக்கி, புரதத் துணுக்குகளை மேலே ஏந்திக் காட்டும். அதைப் பார்த்துத்தான் டி செல் உதவிக்கு வரும். வெறும் சர்க்கரையில் அப்படிக் காட்ட ஒன்றும் கிடையாது. அதனால் நினைவும் தங்காது. பெரியவர்களின் பி செல்கள் உதவியில்லாமலும் ஓரளவு சமாளித்துவிடும், பிஞ்சுக் குழந்தையுடையவை சமாளிக்காது.

ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்தார்கள். பி செல் சர்க்கரையைப் பிடித்து இழுக்க, புரதமும் கூடவே உள்ளே போகிறது. புரதத்தைப் பார்த்து வரும் டி செல், சர்க்கரைக்கு எதிரான செல்லைத் தூண்டிவிடுகிறது. (ஏவரியும் கோபலும் 1929-லேயே நிமோனியா கிருமியின் சர்க்கரையில் இதைக் காட்டியிருந்தார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது!) இரண்டு மாதக் குழந்தைக்கும் போடலாம் என்று 1990-இல் அனுமதி வந்தது. இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான் முதலில், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் இதைக் கொடுத்தன.

அந்த ஊசியில் ஹிப் சர்க்கரை சுமார் 10 மைக்ரோகிராம்தான். கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்பதில்லை. நிமோனியா கிருமியின் சர்க்கரையைச் சிறிதளவு பெற்ற எலிகள் பாதுகாப்புப் பெற்றன. மிக அதிகமாகப் பெற்றவை எதிர்ப்புக் காட்டாமல் மரத்துப்போயின என்று ஃபெல்டன் கண்டார்.

செலுத்தும் வழியும் முக்கியம். தொடைத் தசையில் போட்டால் அங்குள்ள காவல் செல்கள் மருந்தை அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகும். வாய்வழியே வரும் புரதத்தையோ குடல் பெரும்பாலும் உணவாகவே பொறுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தோற்ற கதை ஒன்றுண்டு. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி வகையின் உறைச் சர்க்கரை, நம் நரம்புச் செல்களின் மேலுள்ள சர்க்கரையைப் போலவே இருக்கிறது. அதை உடல் அந்நியமாக நினைப்பதில்லை, புரதத்தோடு பிணைத்தாலும் எதிர்ப்பு வலுவாக எழுவதில்லை. எழுந்தாலோ நம் நரம்பையே தாக்குமோ என்ற பயம் வேறு. அதனால் பி வகைக்கான இன்றைய தடுப்பூசிகள் உறையை விட்டுவிட்டு, கிருமியின் மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டு தயாராகின்றன.