கறையான் ஒழிப்பும் கட்டணக் கணக்கும்

வீட்டுச் சுவரிலே மண்கோடு ஒன்று ஏறியிருப்பதைக் கண்டு பீடைக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாரை அழைக்கும் குடும்பத் தலைவர் முதலிற் கேட்கும் வினா, “சதுர அடிக்கு என்ன விலை?” என்பதே. நிறுவனத்தாரும் அதே கணக்கிற்றான் விடையிறுப்பர். ஒருவர் நாற்பத்தைந்து ரூபா என்பார். மற்றொருவர் முப்பது ரூபா என்பார். குறைந்த விலைமனுவை ஏற்றுக்கொண்டு வீட்டார் அமைதியடைவர். ஆனால், கறையான் சதுர அடியில் நடப்பதில்லை. நிலத்தினுள்ளே கூடுகட்டி வாழும் அவ்வுயிர், அத்திவாரத்துக்கும் நிலத்தளத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய வெடிப்புகளின் வழியாகச் சுவரோரமாகவே மேலேறுகின்றது. ஆகவே மருந்து செல்லவேண்டிய இடம் அறையின் நடுப்பகுதியன்று, சுவரின் அடியாகும். அளக்கவேண்டியது பரப்பன்று, சுவரின் நீளமாகும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். நாற்பது அடி நீளமும் இருபத்தைந்து அடி அகலமும் உள்ள வீடு ஆயிரம் சதுர அடி. அதன் வெளிச்சுற்று 130 அடி. நூறு அடி நீளமும் பத்து அடி அகலமுமாக ஒடுங்கிய காணியில் எழுந்த வீடும் ஆயிரம் சதுர அடியே. அதன் வெளிச்சுற்றோ 220 அடி. பரப்பு ஒன்றாயினும் வேலை ஒன்றன்று. மாடிவீட்டில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. மேல்மாடியின் பரப்பையும் சேர்த்துப் பெருக்கிக் கட்டணம் கேட்பவர்கள் உளர். மேல்மாடியின் கீழே மண் இல்லை. அங்கே செய்யத்தக்கது கதவுநிலைகளிலும் அலுமாரிகளின் பின்புறத்திலும் மருந்து செலுத்துதலே. அச்சிறு வேலைக்காகக் கட்டணம் இரட்டிப்பாவது நியாயமன்று.

இனி, கொக்குவிலிலே நாற்பதுக்கு இருபத்தைந்து என்ற அளவில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளவாட்டில் ஓர் உட்சுவரும் குறுக்கே இரண்டு உட்சுவர்களும் உண்டு. உட்சுவர்களின் மொத்த நீளம் 90 அடி. ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் மருந்து வேண்டுமாதலால் அது 180 அடியாகும். வெளிச்சுவரின் உட்புறம் 130 அடி, வெளிப்புறம் 130 அடி. ஆக மொத்தம் 440 அடி. கட்டிமுடிந்த வீட்டுக்குச் செய்யும் முறை யாதெனில், சுவரும் நிலமும் சேரும் மூலையை ஒட்டி அடிக்கொன்றாக மின்துறப்பணத்தால் அரை அங்குலத் துளையிட்டு, சீமெந்தைக் கடந்து மண்ணை எட்டியபின், துளை ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் மருந்துக் கரைசலைச் செலுத்தித் துளையைச் சீமெந்தால் அடைத்துவிடுவதாகும். அவ்வாறாயின் நமது வீட்டுக்கு 440 துளைகளும் 440 லீற்றர் கரைசலும் வேண்டும்.

இவ்வீட்டுக்கு இரண்டு விலைமனுக்கள் வந்தன என்க. தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. சந்தை விலையாகக் கொள்ளற்க. முதல் நிறுவனம் சதுர அடிக்கு 45 ரூபா வீதம் 45,000 ரூபா கேட்கின்றது. துளைகள் அடிக்கொன்று, துளைக்கு ஒரு லீற்றர். இரண்டாவது நிறுவனம் 30 ரூபா வீதம் 30,000 ரூபா கேட்கின்றது. விசாரித்துப் பார்த்தால், துளைகள் மூன்று அடிக்கு ஒன்று, துளைக்கு அரை லீற்றர். அதாவது 147 துளைகளும் 73 லீற்றர் கரைசலுமே. முதலாமவரிடத்தில் ஒரு லீற்றர் நிலத்திற் சேர்வதற்கு 102 ரூபா கொடுக்கின்றோம். இரண்டாமவரிடத்தில் அதே ஒரு லீற்றருக்கு 410 ரூபா கொடுக்கின்றோம். மலிவென்று கண்டது நான்கு மடங்கு விலையாயிற்று.

வேலை நடக்கும்போது இதனைச் சரிபார்ப்பது பெரிய வித்தையன்று. மருந்து கரைக்கும் தாங்கி இருபது லீற்றர் கொள்ளுமாயின், 440 லீற்றருக்கு அதனை இருபத்திரண்டு தடவை நிரப்பவேண்டும். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைத் தள்ளி நின்று எண்ணச் சொன்னாற் போதும். நான்கு தடவையோடு வேலை முடிந்துவிட்டதென்றால் மீதியைக் கேட்டே ஆகவேண்டும்.

துளைகளின் இடைவெளி ஏன் இத்துணை முக்கியமானது என்பதற்கு மருந்தின் இயல்பே காரணம். இன்று மண்ணிற் செலுத்தப்படும் மருந்துகள் இருவகையின. பைஃபெந்திரின் போன்ற பைரெத்ரொயிட் மருந்துகள் கறையானை விரட்டும் இயல்புள்ளவை. மருந்திட்ட மண்ணை உணர்ந்த கறையான் திரும்பி, மருந்தில்லாத இடைவெளியைத் தேடும். மூன்றடிக்கு ஒரு துளை என்றால் அவ்வாயிலை நாமே திறந்துவைத்தவர்களாவோம். இமிடாகுளோபிறிட், ஃபிப்ரோனில் என்னும் மருந்துகளைக் கறையான் உணர்வதில்லை. அது அம்மண்ணினூடே சென்று, உடலிற் படிந்த மருந்தைத் தன் இனத்துக்கும் பரப்பி, மெல்ல மடியும். இவை பொதுவாக விலை கூடியவை. ஆனால் இவற்றைப் பயன்படுத்தினால் மருந்திட்ட பின்னரும் சில வாரங்கள் கறையானைக் காணக்கூடும். மறுநாளே மண்கோட்டில் அசைவைக் கண்டு, ஏமாற்றப்பட்டோம் என்று கொதிக்க வேண்டியதில்லை. ஆகையால் விலைமனுவில் “மருந்து” என்று மட்டும் எழுதியிருந்தாற் போதாது. மருந்தின் பெயரும் செறிவும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற மருந்தா என்பதைப் போத்தலின் சிட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி உத்தரவாதத்துக்கு வருவோம். “அந்தக் காலத்தில் ஒருமுறை மருந்திட்டால் ஆயுளுக்கும் போதும்” என்று முதியவர்கள் கூறுவதிற் பொய்யில்லை. அன்று பயன்பட்ட ஒல்டிரின், டயல்டிரின், குளோர்டேன் முதலியன மண்ணிற் பல்லாண்டு அழியாது கிடந்தன. அங்ஙனம் அழியாது கிடந்தமையே அவற்றின் குற்றமுமாயிற்று. 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை அவற்றை உலகிலிருந்து ஒழிக்கவேண்டியவற்றுள் வைத்தது. இன்றைய மருந்துகள் சில ஆண்டுகளிற் சிதைந்துபோகின்றன. எனவே பத்தாண்டு, இருபதாண்டு என்று வாக்களிப்பவர், மருந்தின் ஆயுளை அன்று, தம் வாய்ச்சொல்லின் ஆயுளையே கூறுகின்றார்.

நமது இரு நிறுவனங்களுள் முதலாவது இரண்டாண்டு உத்தரவாதம் தருகின்றது. அக்காலத்தில் வரும் சோதனைகளுக்குத் தனிக்கட்டணம் இல்லை. அதன்பின் ஆண்டுக்கு 5,000 ரூபா கொடுத்தால் நீடிக்கும். இரண்டாவது ஐந்தாண்டு என்கின்றது. பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தால், இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் 8,000 ரூபா செலுத்திச் சோதனை செய்விக்காவிடின் உத்தரவாதம் அற்றுப்போகும் என்றிருக்கின்றது. ஐந்தாண்டுக்கும் கணக்கிட்டால் முதலாவதற்கு 60,000 ரூபா. இரண்டாவதற்கு 62,000 ரூபா. பதினையாயிரம் மிச்சம் என்று எண்ணியது ஈராயிரம் நட்டமாயிற்று. மண்ணிற் சேர்ந்த மருந்தோ ஆறில் ஒரு பங்கு.

உத்தரவாதம் எதற்கு என்பதையும் கேட்கவேண்டும். பெரும்பாலானவை கறையான் மீண்டும் வந்தால் மறுபடி மருந்திடுவதற்கு மட்டுமே. அரிக்கப்பட்ட கதவுநிலைக்கும் புத்தக அலுமாரிக்கும் தச்சுக்கூலி அதில் அடங்காது. மறுமருந்து வீடு முழுவதற்குமா, கறையான் கண்ட இடத்துக்கு மட்டுமா என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும். நிலத்துக்குப் புதிதாக ஓடு பதித்தாலோ, சுவரை அணைத்துப் பூம்பாத்திக்கு மண் குவித்தாலோ, நீர்க்குழாய் ஒழுக்கைத் திருத்தாது விட்டாலோ உத்தரவாதம் கெடும் என்ற நிபந்தனை வழக்கமானது, அது நியாயமானதுங்கூட.

மீள்வருகைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்குதல் ஆகாது. எவ்வருகை எதற்காக என்பதே கேள்வி. குசினியிற் கரப்பான் ஒழிப்பதற்கு இரண்டாம் வருகை இன்றியமையாதது. ஏனெனில் அதன் முட்டைப்பையுள் மருந்து நுழையாது. சிறிய குசினிக் கரப்பானின் முட்டைகள் பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரங்கள் செல்லும். கறையானுக்கு மாதந்தோறும் ஆள் வந்து சுவரோரம் மேலோட்டமாகத் தெளித்துச் செல்வதிற் பயன் யாதுமில்லை. வேண்டுவன, மருந்திட்டு ஆறு வாரமளவில் ஒன்றும், அதன்பின் ஆண்டுக்கொன்றும். யாழ்ப்பாணத்திலே ஆண்டுச் சோதனையை மாரிமழை பெய்து ஈசல் பறந்து ஓய்ந்தபின் வைத்துக்கொள்ளுதல் நன்று. சோதிப்பவர் மண்கோட்டை ஓரிடத்தில் உடைத்துவிட்டு, இரண்டொரு நாளில் அது மீளக் கட்டப்பட்டதா என்று பார்க்கச் சொல்வாராயின், அவர் தொழில் தெரிந்தவர்.

வருகையே மருத்துவமாகிய முறை ஒன்றும் உண்டு. அது இரைப்பெட்டி முறை. வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு ஒன்றாக மண்ணிற் பெட்டிகளைப் புதைத்து, கறையான் வந்த பெட்டியில் அது தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்தூட்டிய இரையை வைப்பர். பெட்டிகளைத் தவறாது திறந்து பார்க்காவிடின் அவை வெறும் பெட்டிகளே. நமது வீட்டுக்குப் பதினைந்து பெட்டிகள்; பெட்டிக்கு 4,000 ரூபாவும், ஆண்டுக்கு நான்கு வருகைகளுக்கு 20,000 ரூபாவும் என்றால், ஐந்தாண்டில் 1,60,000 ரூபா ஆகிவிடும். மேலும், காளான் வளர்த்துண்ணும் புற்றுக் கறையான்கள் இவ்விரையை எளிதில் நாடுவதில்லை.

ஆயினும் ஓரிடத்தில் இம்முறைக்குப் பெரும் மதிப்புண்டு, அது கிணற்றடி. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது வெடிப்புகளினூடாக விரைவில் நீரைச் சென்றடையும். சுவருக்கு மிக அருகிற் கிணறு இருக்குமாயின், அப்பக்கத்தில் அழுத்தத்தோடு மருந்து செலுத்த விடலாகாது. மண்ணைத் தோண்டியெடுத்து, பிளாஸ்ரிக் விரிப்பின்மேல் வைத்து மருந்தைக் கலந்து, ஊறியபின் குழியில் மீள இடுதல் ஒரு வழி. அப்பக்கத்துக்கு மட்டும் இரைப்பெட்டி வைத்தல் மற்றொன்று. விலைமனு எழுத வருபவர் கிணறு எங்கே என்று கேளாமலே தொகை சொல்வாராயின், அவருக்கு விடைகொடுத்து அனுப்பிவிடலாம்.

பணம் கொடுக்குமுன் இன்னொன்றையும் பார்த்தல் வேண்டும். மரத்தின் கீழே கசகசா போன்ற சிறுமணிகள் உதிர்ந்து கிடந்து, மண்கோடு எங்கும் இல்லையாயின், அங்கிருப்பது மண்ணோடு உறவில்லாத உலர்மரக் கறையான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அம்மணிகளில் ஆறு பட்டைகள் தெரியும். அதற்கு நிலத்தில் 440 துளைகளிட்டாலும் பயனில்லை. அம்மரத்தைத் துளைத்து உள்ளேயே மருந்திட வேண்டும், அல்லது மரத்தை மாற்றவேண்டும். அதற்கான கட்டணம் மரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேசப்படுவது.