யார் சொல்லி வந்தீங்க?

புதிதாக ஒருவர் கடைப்படி ஏறினால், பழைய கடைக்காரர்கள் பொருளை எடுத்துப் போடும்போதே கேட்டுவிடுவார்கள்: "யார் சொல்லி வந்தீங்க?" இணையக் கடைகள் வந்தபின் இந்தக் கேள்வி வழக்கொழிந்தது. வாடிக்கையாளர் எந்த விளம்பரத்தைத் தட்டி உள்ளே வந்தார் என்பதைக் கணினியே குறித்துவைக்கும்போது, அவரை எதற்குக் கேட்க வேண்டும்?

ஆனால் கணினிக்குத் தெரிவது தட்டிய இடங்கள் மட்டுமே. தொலைக்காட்சியில் யூடியூப் பார்த்துப் பெயரை மனதில் வைத்துக்கொண்டவர், இரண்டு நாள் கழித்துக் கைபேசியில் அந்தப் பெயரைத் தேடி வாங்கினால், கணக்கு கூகுளின் பெயரில் ஏறும். வாட்ஸ்அப்பில் தங்கை அனுப்பிய இணைப்பைத் தட்டி வந்தவர், பெரும்பாலும் 'நேரடி வருகை' என்ற பொதுக்கணக்கில் விழுவார். போதாக்குறைக்கு, 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், ஐபோனில் ஒரு செயலி நம்மை மற்ற இடங்களிலும் பின்தொடர வேண்டுமானால் நம் அனுமதியைக் கேட்டாக வேண்டும். மறுப்பவர்களின் தடம் விளம்பர நிறுவனங்களுக்கு அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பல இணையக் கடைகள் பழைய கேள்விக்கே திரும்பியிருக்கின்றன. பணம் கட்டி முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "எங்களைப் பற்றி முதன்முதலில் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?"

அதனால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு இணையக் கடை. ஒரு சமையல் யூடியூபருக்கு 25,000 ரூபாய் கொடுத்து, தள்ளுபடிக் கூப்பனுடன் ஒரு வீடியோ போடச் செய்கிறார்கள். அந்த மாதம் புதிதாக வாங்கியவர்கள் 400 பேர். கூப்பனைப் பயன்படுத்தியவர்கள் 11 பேர் மட்டுமே. அதை வைத்துப் பார்த்தால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஏறத்தாழ 2,270 ரூபாய். எண்ணெயில் கிடைக்கும் லாபத்துக்கு இது கட்டுப்படியாகாது. யூடியூபே வேண்டாம் என்றுதான் முதலாளி முடிவெடுப்பார்.

இப்போது நன்றிப் பக்கத்துக் கேள்விக்கு வருவோம். 400 பேரில் 200 பேர் பதில் சொல்கிறார்கள். அதில் 60 பேர் யூடியூப் என்கிறார்கள். அந்த 60 ஆர்டர்களைக் கணினிப் பதிவோடு ஒப்பிட்டால், 34 கூகுள் தேடலிலும் 21 நேரடி வருகையிலும் இருக்கின்றன. வீடியோவின் கீழிருந்த இணைப்பைத் தட்டி வந்தவை வெறும் 5.

பதில் சொல்லாதவர்களும் இதே விகிதத்தில் வந்திருந்தால், யூடியூப் கொண்டுவந்தவர்கள் 120 பேர். தலைக்கு 208 ரூபாய். ஆனால் வீடியோ பார்த்து வந்தவர்கள் ஆர்வத்தில் கூடுதலாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆகவே, பதில் சொல்லாதவர்களில் ஒருவர்கூட யூடியூபிலிருந்து வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 60 பேர். தலைக்கு சுமார் 417 ரூபாய். இந்த மோசமான கணக்கிலும் கட்டுபடியானால், வீடியோவை நிறுத்தத் தேவையில்லை.

பதில் நம்பும்படி அமைவது கேட்கும் விதத்தில் இருக்கிறது. 'முதன்முதலில்' என்ற சொல்லை விட்டுவிட்டால், சற்றுமுன் தேடியதை நினைத்துப் பலர் கூகுளைத் தட்டிவிடுவார்கள். பட்டியலின் முதல் வரியைத் தட்டிவிட்டு நகர்பவர்கள் உண்டு. அதனால் ஒவ்வொருவருக்கும் வரிசை மாறி வர வேண்டும். பழைய வாடிக்கையாளரைக் கேட்கக் கூடாது. அவருக்கு முதல் அறிமுகம் மறந்திருக்கும். விளம்பரமே கொடுக்காத ஓர் இடத்தையும், உதாரணமாக நாளிதழை, பட்டியலில் சேர்க்கலாம். 200 பேரில் 3 பேர் அதைத் தட்டினால் கவலையில்லை. 30 பேர் தட்டினால் மற்றப் பதில்களையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

பட்டியலின் கடைசியில் 'வேறு' என்று ஒரு காலி இடமும் வேண்டும். "அக்கா வீட்டில் தோசைக்கு ஊற்றினார்கள், வாசம் பிடித்தது" என்று ஒருவர் அதில் எழுதலாம். அதைப் பதிவு செய்ய எந்த மென்பொருளும் இல்லை.

இந்தக் கேள்விக்கும் ஓர் எல்லை உண்டு. வீடியோ பார்த்தேன் என்பவர், அது இல்லாமலும் வாங்கியிருப்பாரா என்பதை அவராலேயே சொல்ல முடியாது. அதை அறிய, அடுத்த மாதம் வீடியோ போடாமல் பார்க்கலாம். யூடியூப் என்ற பதிலோடு மொத்த ஆர்டரும் குறைந்தால், வீடியோதான் ஆள் சேர்த்திருக்கிறது. பதில் மட்டும் குறைந்து ஆர்டர் குறையவில்லை என்றால், அவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள். 25,000 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.