பணம் வராத 'வெற்றி': சோதனைச் சாவியில் ஓடும் இணையக் கடை

இணையக் கடையைப் பணப் பரிவர்த்தனை நிறுவனத்தோடு இணைப்பவை சாவிகள். ரேசர்பேயில் சோதனைச் சாவி `rzp_test_` என்றும், உண்மைச் சாவி `rzp_live_` என்றும் தொடங்கும். சோதனைச் சாவி கடையில் இருக்கும்வரை வங்கியே உள்ளே வராது. `success@razorpay` என்ற யுபிஐ முகவரியைத் தட்டினால்கூடப் பணம் கட்டியதாகப் பதில் வரும். பரிவர்த்தனை எண் உருவாகும், கையொப்பச் சரிபார்ப்பும் தேறும். ஆகவே கடையின் மென்பொருளுக்குச் சந்தேகம் எழ வழியில்லை. ஆர்டரை உறுதிசெய்து ரசீதும் அனுப்பிவிடும்.

ஒரு புடவைக் கடை வெள்ளிக்கிழமை மாலை இப்படித் திறக்கப்பட்டதாகக் கொள்வோம். திங்களுக்குள் 14 ஆர்டர்கள், மொத்தம் ₹31,600. ஒன்பது பார்சல்கள் கூரியரில் போய்விட்டன. வழக்கமாக இரண்டு வேலை நாளில் கணக்கில் சேரவேண்டிய தொகை புதன்கிழமையும் வரவில்லை. நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தை உண்மை முறையில் திறந்தால் ஒரு வரவும் இல்லை. சோதனை முறைக்கு மாற்றினால் பதினான்கும் வரிசையாக நிற்கின்றன. இந்த ஒரு பார்வையே நோயைக் காட்டிவிடும். அந்தப் பதினான்கையும் உண்மைப் பணமாக மாற்ற வழி கிடையாது.

முதல் வேலை, மீதி ஐந்து பார்சல்களை நிறுத்துவது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, கடனுக்கு என்று பேசாத விற்பனையில், விலை கைக்கு வராத விற்பனையாளர் தம்மிடமுள்ள சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்த ஒன்பதுக்கும் விலையைக் கேட்க உரிமை உண்டு. வழக்குக்குக் காலவரம்பு சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஆனால் திரையில் காட்டிய விலையைத்தான் கேட்கலாம். தவறு கடையுடையது என்பதால், வழக்கைப் பற்றிப் பேசுவதைவிட மன்னிப்போடு கேட்பதே பலிக்கும்.

வாங்கியவருக்கோ "பணம் வரவில்லை, மறுபடி கட்டுங்கள்" என்ற செய்தி மோசடிபோலவே தோன்றும். சந்தேகப்படுவது நியாயம். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், முதலில் வங்கிக் கணக்கின் பற்றுகளைப் பார்க்கவேண்டும். யுபிஐ பின் நம்பரோ ஓடிபியோ கேட்காமல், வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வராமல் ஆர்டர் முடிந்திருந்தால் கடை சொல்வது உண்மையாக இருக்கலாம்; கடையின் தளத்திலுள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்யலாம். பணம் பற்று ஆகியிருந்தால் கணக்கு அறிக்கையே சான்று. கடை அதை ஏற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சாவியை மாற்றும்போது அடையாளச் சாவி, ரகசியச் சாவி இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். பணம் வந்ததைக் கடைக்குச் சொல்லும் வெப்ஹுக்கையும் உண்மை முறையில் தனியாகப் பதியவேண்டும். அதன்பின் கடைக்காரரே சொந்த யுபிஐயில் ₹10க்கு ஒரு ஆர்டர் போட்டு, அந்தத் தொகை, கட்டணம் பிடித்தது போக, வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே கடையை மறுபடி திறக்கவேண்டும்.