அண்ணனுக்கும் ‘ஒப்பா’, காதலனுக்கும் ‘ஒப்பா’

2013இல் தென்கொரியத் தொலைக்காட்சியில் வந்த ‘ரிப்ளை 1994’ தொடரின் தொடக்கத்தைப் பார்ப்பவர்கள், நாயகி நாஜங்கையும் வீட்டில் அவளோடு ஓயாமல் மல்லுக்கட்டும் இளைஞனையும் உடன்பிறந்தவர்கள் என்றே நினைப்பார்கள். அவள் அவனை ‘ஒப்பா’ என்று கூப்பிடுகிறாள். பிறகுதான் தெரிகிறது, அவன் அவளுடைய இறந்துபோன அண்ணனின் நெருங்கிய நண்பன் என்று. அவன்மேல் அவளுக்குக் காதல் வந்த பிறகும் ‘ஒப்பா’தான். கூப்பிடும் முறையைக் கொண்டு உறவைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இந்த முடிச்சை அவ்வளவு நேரம் அவிழாமல் வைத்திருக்க முடிந்தது. சப்டைட்டிலில் பல நேரம் ‘ஒப்பா’வை எடுத்துவிட்டு ஆளின் பெயரைப் போட்டுவிடுவார்கள், அப்போது இந்த நயம் அப்படியே போய்விடுகிறது.

பெண், தன்னைவிட மூத்த ஆணை அழைக்கும் சொல் இது. அந்த ஆண் கூடப்பிறந்த அண்ணனாகவும் இருக்கலாம், பழகிய நண்பனாகவும், காதலனாகவும் இருக்கலாம். அதே ஆளைத் தம்பி கூப்பிட்டால் ‘ஹ்யங்’ என்பான். இளையவன் மூத்த பெண்ணைக் கூப்பிடுவது ‘நூனா’.

காதல் தொடர்களில் நான் காத்திருந்து கேட்பது, இந்தச் சொல் முதன்முதலாக வரும் இடத்தை. அலுவலகக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவன் குழுத்தலைவன் என்றால் அவள் பதவிப் பெயரோடு ‘நிம்’ சேர்த்து ‘டீம்ஜாங்நிம்’ என்பாள். சக ஊழியன் என்றால் பெயரோடு ‘ஷி’ சேரும். வாக்கியங்கள் ‘யோ’ என்ற மரியாதை விகுதியில் முடியும். பழக்கம் நெருங்கியதும் பெரும்பாலும் மூத்தவர்தான் ‘மரியாதையெல்லாம் விட்டுப் பேசலாமே’ என்பார். அதன் பிறகு ‘யோ’ உதிர்கிறது. ஒரு நாள் அவள் வாயிலிருந்து ‘ஒப்பா’ வருகிறது. அவன் முகம் மலர்வதைக் காமிரா நிதானமாகக் காட்டும். மறுநாள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அதே சொல் தவறி வந்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சண்டை வந்தால் முழுப்பெயரோடு ‘ஷி’ திரும்பி வரும். அப்போது அது மரியாதை அல்ல, கதவடைப்பு.

நெருக்கம் வந்ததால் இருவரும் சமமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘ஒப்பா’ என்னும்போதே அவன் மூத்தவன் என்பதை அவள் ஒப்புக்கொள்கிறாள். அறிமுகமானதும் எந்த ஆண்டு பிறந்தீர்கள் என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். ஓராண்டு வித்தியாசமே போதும். சில ஆண்கள் ‘நான்’ என்பதற்குப் பதில் தங்களையே ‘ஒப்பா’ என்று சொல்லிக்கொள்வார்கள். காதலியிடம் அது கொஞ்சல். அவ்வளவாகப் பழகாத பெண்ணிடம் சொன்னால், அவள் தராத உரிமையை எடுத்துக்கொள்வதாகும்.

இதை ஓர் அரசே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. வடகொரியா 2023இல் கொண்டுவந்த மொழிப் பாதுகாப்புச் சட்டப்படி, சிறுவர் சங்கத்தில் இருக்கும் வயதுவரை ‘ஒப்பா’ என்று கூப்பிடலாம். இளைஞர் அமைப்பில் சேர்ந்த பிறகு உறவினர் அல்லாத ஆணை ‘தோழர்’ என்று மட்டுமே அழைக்க வேண்டும். தெற்கிலிருந்து திருட்டுத்தனமாக வந்து சேரும் தொடர்களைப் பார்த்து இளைஞர்கள் பேச்சை மாற்றிக்கொண்டதுதான் அந்தக் கெடுபிடிக்குக் காரணம்.