‘L’ என்றால் லட்சமா, குறைவா? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அரபிக்குப் போகும்போது...

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் விமானச் சத்தம் யாருக்கும் புதிதல்ல. சிகிச்சைக்காகச் சென்னை வரும் அரபு நாட்டுக்காரர்களும் தென்சென்னைப் பக்கம் புதியவர்கள் அல்ல. ஓமன், ஏமன், ஈராக், சூடான் என்று பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். வாரக்கணக்கில் வாடகை வீட்டில் தங்கிப் பரிசோதனைகள் செய்துகொள்கிறார்கள்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏமனிலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்குப் பொழிச்சலூரில் காய்ச்சல் வருகிறது. பக்கத்து லேபில் ரத்தம் கொடுக்கிறார். கூட வந்த மகன் ரிப்போர்ட்டை செல்போனில் படம் பிடித்து, வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுகிறார். “இதை அரபியில் எழுதிக் கொடுங்கள் பாய், ஊரில் அண்ணன் கேட்கிறார்” என்கிறார். அந்த அண்ணன் அதைப் படித்துப் புரிந்துகொள்வார். பிறகு குடும்ப டாக்டரிடமும் காட்டுவார்.

ஆக, இந்த ஒரு காகிதத்துக்கு இரண்டு வாசகர்கள். குடும்பத்துக்கு அரபிச் சொல் வேண்டும். டாக்டருக்கு ரிப்போர்ட்டில் அச்சான அதே சுருக்கெழுத்தும், அதே எண்ணும், அதே அளவு வரம்பும் வேண்டும். பெரியவரின் ரிப்போர்ட்டில் முக்கியமான வரி இது:

```
Platelet Count   1.20 L   lakhs/cumm   1.50 - 4.50
```

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1.20 லட்சம் தட்டணுக்கள் இருக்கின்றன, இருக்கவேண்டியது 1.50 லட்சத்திலிருந்து 4.50 லட்சம் வரை என்பது இதன் பொருள். எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் `L` லட்சம் அல்ல. ‘Low’, அதாவது குறைவு என்பதற்கான அடையாளம். அதே ரிப்போர்ட்டில் `g/dL` என்ற இடத்தில் வரும் `L` லிட்டரைக் குறிக்கும். வெள்ளணு வகைகளை `N, L, E, M, B` என்று சுருக்கிப் போட்டிருந்தால், அங்கே `L` என்பது லிம்போசைட். ஒரே எழுத்துக்கு மூன்று பொருள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் எது என்று தெரியும்.

லட்சம் தெரியாத ஊர்

லட்சம் நமக்குப் பழகிய கணக்கு. எழுத்து அரபியில் அதை ‘மிஅத் அல்ஃப்’, அதாவது நூறு ஆயிரம் என்றுதான் சொல்லவேண்டும். அரபு நாட்டு ரிப்போர்ட்டுகளில் தட்டணுவின் அளவு பெரும்பாலும் ஆயிரக் கணக்கில், 150 முதல் 450 வரை என்று இருக்கும்.

இப்போது `lakhs` என்ற சொல்லை விட்டுவிட்டு 1.20 என்று மட்டும் எழுதினால், ஊரில் உள்ள அண்ணன் அதை ஆயிரக் கணக்காக எடுத்துக்கொள்வார். வெறும் 1,200 தட்டணு! உயிருக்கே ஆபத்து என்று வீடே அலறும். இன்னொருவர் உதவி செய்வதாக நினைத்து எண்ணை மட்டும் 1,20,000 என்று மாற்றிவிட்டு, வரம்பை 1.50 - 4.50 என்றே விட்டுவிட்டால், குறைவாக இருக்கும் அளவு எக்கச்சக்க அதிகமாகத் தெரியும்.

எண், அலகு, வரம்பு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டிய மூட்டை. ஒன்றை மட்டும் அவிழ்க்கக்கூடாது. மூன்றையும் அச்சில் உள்ளபடியே எழுதிவிட்டு, கீழே ‘ஒரு லட்சம் என்பது 100,000’ என்று அரபியில் ஒரே ஒரு குறிப்பு கொடுத்தால் போதும். வேறு லேபின் வரம்பையோ, இணையத்தில் பார்த்த வரம்பையோ போடக்கூடாது. வரம்பு அந்தந்த லேபின் கருவியையும் முறையையும் பொறுத்தது. பல பரிசோதனைகளில் ஆண், பெண், வயது என்றும் மாறும்.

சுருக்கெழுத்தை விரித்தால் வரும் வினை

`TC` என்று வருகிறது. ரத்த அணுக்கள் பக்கத்தில் இருந்தால் அது வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை. கொழுப்புப் பரிசோதனைப் பக்கத்தில் இருந்தால் மொத்தக் கொலஸ்ட்ரால். தலைப்பைப் பார்க்காமல் அரபியில் விரித்தால் வெள்ளணு கொலஸ்ட்ராலாக மாறிவிடும். அதனால் `TC`, `PCV`, `ESR`, `SGPT` எல்லாம் ஆங்கில எழுத்திலேயே நிற்கட்டும். பக்கத்தில் அரபி விளக்கம் வரட்டும். விளக்கம் தவறிப்போனாலும், சுருக்கெழுத்தைப் பார்த்து டாக்டர் சரியானதைப் பிடித்துக்கொள்வார்.

எண்களையும் 1, 2, 3 என்றே விடுவது நல்லது. பல அரபு நாடுகளில் வழங்கும் எண்ணுருவில் ஐந்து நம்முடைய சுழியம் போல வட்டமாக இருக்கும். சுழியமோ ஒரு சின்னப் புள்ளி. தசமப் புள்ளிகள் நிறைந்த ரிப்போர்ட்டில் இது வீண் குழப்பம்.

வலமிருந்து இடம்

அரபி வலமிருந்து இடமாக ஓடும்; எண் இடமிருந்து வலமாகவே இருக்கும். இரண்டும் ஒரே வரியில் சேரும்போது செல்போன் தன் விதிப்படி வரிசையை மாற்றிக் காட்டும். அரபிச் சொல்லுக்குப் பின்னால் `1.50 - 4.50` என்று தட்டினால், திரையில் `4.50 - 1.50` என்று தெரியலாம். அதையாவது பார்ப்பவர் ஊகித்துக்கொள்வார்.

ஆபத்தானது `<` என்ற குறி. டிரைகிளிசரைடுக்கு `<150` என்று இருந்தால், அரபி வரியில் குறி திரும்பி `150>` என்று தெரியும். அதைப் பார்த்து யாராவது கையால் எழுதும்போது ‘150-க்கு மேல்’ என்று மாறிவிடக்கூடும். இதற்கு எளிய வழி, குறியே இல்லாமல் சொல்லாக எழுதுவது. ‘அகல்ல மின் 150’ என்றால் 150-க்குக் குறைவு. ‘மின் 1.50 இலா 4.50’ என்றால் 1.50-லிருந்து 4.50 வரை. எழுதி முடித்ததும் இன்னொரு போனில் திறந்து, மூல ரிப்போர்ட்டோடு வரிவரியாக ஒப்பிட்டால் குறி புரண்டிருப்பது தெரிந்துவிடும்.

படம் பொய் சொல்கிறதா?

இவ்வளவும் படம் தெளிவாக இருந்தால்தான். டியூப்லைட் வெளிச்சம் பளபளத்தால் 3 என்பது 8 ஆகத் தெரியும். காகிதத்தின் மடிப்பில் தசமப் புள்ளி மறையும். போனைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு வரியின் எண் அடுத்த வரியோடு சேர்ந்துவிடும்.

கண்டுபிடிக்கக் கணக்கே துணை. வெள்ளணு வகைகள் ஐந்தின் சதவிகிதத்தைக் கூட்டினால் 100 வரவேண்டும். பெரியவரின் ரிப்போர்ட்டில் 58, 30, 6, 5, 1 என்று இருக்கிறது. கூட்டினால் சரியாக 100. அந்த 30 படத்தில் 80 ஆகத் தெரிந்திருந்தால் கூட்டல் 150 ஆகி, தவறு உடனே வெளிப்பட்டிருக்கும். அதேபோல, வரம்பு 0.6 - 1.2 என்று இருக்கும் கிரியேட்டினின் 11 என்று தெரிகிறது, ஆனால் பக்கத்தில் அதிகம் என்பதற்கான `H` இல்லை என்றால், அது பெரும்பாலும் புள்ளி மறைந்த 1.1. ஆனால் அப்போதும் ஊகித்து எழுதக்கூடாது. ‘தெளிவாக இல்லை’ என்று குறித்துவிட்டு, காகிதத்தை மேசையில் தட்டையாக வைத்துப் பகல் வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்து அனுப்பச் சொல்லவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் டாக்டர் அல்ல. ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றோ, ‘டெங்குவாக இருக்கும்’ என்றோ ஒரு சொல்கூடச் சேர்க்கக்கூடாது. அரபி வடிவத்தோடு மூலப் படத்தையும் சேர்த்தே அனுப்பிவிடவேண்டும்.

அப்படி அனுப்பினால், ஏமனில் இருக்கும் அண்ணனுக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேரும்: அப்பாவின் தட்டணு 1,200 அல்ல, 1,20,000, லேபின் வரம்பைவிடக் குறைவு. அடுத்து என்ன செய்வது என்று சொல்லவேண்டியவர் டாக்டர்.